வெள்ளிக்கிழமைக்குள் மூவாயிரம் பவுண்டு: ஒரு லண்டன் எம்.பி.ஏ.வைச் சரிபார்த்த நான்கு நாட்கள்

## பின்னணி

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில், சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாடு போகும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் நிஜம்தானா என்று அங்கிருந்து கடிதம் வரும். பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதுவோம். அங்கே இருக்கும் கல்லூரி நிஜம்தானா என்று இங்கிருந்து பார்க்க வேண்டி வந்தது 2025 ஜூனில்தான். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், என் நண்பரின் தம்பி. அவருடைய மகள் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். லண்டனில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் 35,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தார்கள். நேர்காணல் இல்லை, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்கவில்லை. இரண்டே நாளில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. மொத்தக் கட்டணம் 9,500 பவுண்டு, பத்து மாதப் படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் 3,000 பவுண்டு முன்பணம் கட்டினால்தான் அந்தக் கட்டணம், தவறினால் 14,000. அன்றைய மதிப்பில் முன்பணம் மட்டும் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய்.

திங்கட்கிழமை சாயங்காலம் தந்தை கூப்பிட்டார். "அண்ணே, நீங்க சர்ட்டிபிகேட் பாக்கிற ஆளுங்க. ஒருக்கா இதையும் பாத்துச் சொல்லுங்க, கட்டீரலாங்களா?" என்றார். ஆஃபர் லெட்டர், விளம்பரக் கையேடு, பணம் அனுப்ப வேண்டிய கணக்கு விவரம் மூன்றும் வாட்ஸ்அப்பில் வந்தன.

## செவ்வாய்: நான் செய்த தவறு

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழெட்டு முத்திரைகள். அவற்றின் கீழே `UKPRN` என்று போட்டு எட்டு இலக்க எண் ஒன்று இருந்தது. பிரிட்டனில் கல்வி, பயிற்சி தரும் நிறுவனங்களுக்கான பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினேன். கல்லூரியின் பெயரும் லண்டன் முகவரியும் அப்படியே வந்தன. உடனே போன் செய்து, "பதிவு இருக்குதுங்க, சரியாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டேன்.

முப்பது வருடம் பதிவேட்டைப் புரட்டியவன் செய்யக் கூடாத தவறு இது. ஒரு பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பதிவேடு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பதிவேடு ஒரு முகவரிப் புத்தகம் மாதிரி. தையல் பயிற்சி நடத்துகிறவர்கூட அதில் எண் வாங்கலாம். அந்த எண் தரத்துக்குச் சான்று ஆகாது, பட்டம் கொடுக்கும் உரிமையையும் தராது. நான் அதைப் படிக்கவில்லை. பெயர் வந்ததும் நிம்மதியாகிவிட்டேன்.

என் பேச்சை நம்பித் தந்தை புதன் காலையில் வங்கிக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தை நிரப்பும்போது ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "கல்லூரி பேரு ஒண்ணு இருக்கு, பணம் போற கணக்கு வேற பேர்ல இருக்கே, ஏன்?" கல்லூரி லண்டனில், கணக்கோ வளைகுடா நாடு ஒன்றில் ஏதோ டிரேடிங் கம்பெனியின் பெயரில். தந்தை படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். அந்த அதிகாரி கேட்காமல் இருந்திருந்தால் பணம் அன்றே போயிருக்கும்.

## புதன்: ஒரு கேள்வியை இரண்டாகப் பிரித்தது

அன்று மதியம் ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில், சின்ன எழுத்தில், எம்.பி.ஏ. பட்டத்தை வழங்குவது அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் என்று இருந்தது. முதல் பக்கத்தில் லண்டன் பாலத்தின் படம், உள்ளே அமெரிக்கப் பட்டம். இது அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது பாதிக் கேள்விதான். பாடம் நடத்துவது யார், பட்டம் கொடுப்பது யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. நல்ல பல்கலைக்கழகங்களும் தங்கள் பாடத்தை வேறு கல்லூரியில் நடத்தவிடுவது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் சான்றிதழில் யார் பெயர் அச்சாகிறதோ அவர்களுக்குத்தான் அதிகாரம் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வசதி உண்டு. அங்கே பட்டம் வழங்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது சட்டப்படி வரையறுக்கப்பட்டது. அந்த அதிகாரம் பெற்றவர்களின் பட்டியல் gov.uk தளத்தில் `Recognised bodies` என்ற பெயரில் இருக்கிறது. அவர்களுடைய பட்டத்துக்குப் பாடம் மட்டும் நடத்தும் கல்லூரிகளுக்கு `Listed bodies` என்று இன்னொரு பட்டியல். இங்கிலாந்துக் கல்லூரி என்றால் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டையும் பார்க்கலாம். பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்பது அதில் பதிவாகியிருக்கும். இந்த லண்டன் கல்லூரி மூன்றிலும் இல்லை.

அப்படியானால் இங்கிலாந்து அரசு எப்படி விட்டு வைத்திருக்கிறது என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதிகாரம் இல்லாமல் பிரிட்டிஷ் பட்டம் தருவதாகச் சொல்வது 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டப்படி குற்றம். ஆனால் நாங்கள் தருவது வெளிநாட்டுப் பட்டம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அந்தப் பிரிவு தொடாது. நான்காம் பக்கத்துச் சின்ன எழுத்து எதற்காக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்துப் பார்த்தது பிரிட்டனின் கம்பெனிகள் பதிவேடு, கம்பெனீஸ் ஹவுஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். கையேட்டில் '1994 முதல்' என்று போட்டிருந்த கல்லூரி, கம்பெனியாகப் பதிவானது 2023இல். தாக்கல் செய்திருந்த ஒரே கணக்கு, செயல்பாடு எதுவும் இல்லாத கம்பெனிக்கான கணக்கு. மாணவர்களிடம் கட்டணம் வாங்கும் கல்லூரிக்கு வரவு செலவே இல்லை என்றால் பணம் வேறு எங்கோ போகிறது என்றுதானே பொருள்? வங்கி அதிகாரியின் கேள்விக்கும் அங்கேயே விடை இருந்தது.

இணைய முகவரியையும் கவனித்தேன். பிரிட்டிஷ் கல்வி நிறுவனங்களின் முகவரி பொதுவாக `.ac.uk` என்று முடியும். அதை எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். இவர்களுடையது வெறும் `.ac` என்று முடிந்தது. அது அசென்ஷன் என்ற தீவுக்கான குறியீடு. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

## வியாழன் காலை: அங்கீகாரம் கொடுத்தவருக்கு யார் அங்கீகாரம் கொடுத்தது?

இனி அமெரிக்கப் பல்கலைக்கழகம். நம் ஊரில் யு.ஜி.சி. இருப்பதுபோல அமெரிக்காவில் ஒரே அமைப்பு அங்கீகாரம் தருவதில்லை. தனியார் அங்கீகார அமைப்புகள் பல உண்டு. அந்த அமைப்புகளைக் கூட்டாட்சிக் கல்வித் துறையோ, சீயா எனப்படும் உயர்கல்வி அங்கீகாரக் கழகமோ ஏற்றிருக்க வேண்டும். அதாவது இரண்டு படி: பல்கலைக்கழகத்தை ஓர் அமைப்பு ஏற்க வேண்டும், அந்த அமைப்பை மேலே ஒருவர் ஏற்றிருக்க வேண்டும். போலிகள் புகுவது இரண்டாவது படியில்தான். நாலு பேர் சேர்ந்து சர்வதேச அங்கீகார வாரியம் என்று ஒரு பெயர்ப் பலகை மாட்டித் தங்களுக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொள்வார்கள். 2015இல் பாகிஸ்தானின் கராச்சியில் அக்ஸாக்ட் என்ற நிறுவனம் சிக்கியபோது வெளியே வந்ததும் இதுதான். நூற்றுக்கணக்கான போலிப் பள்ளி, பல்கலைக்கழகத் தளங்களோடு, அவற்றுக்கு அங்கீகாரம் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் போலி அமைப்புகளின் தளங்களையும் அவர்களே நடத்தினார்கள்.

கன்சல்டன்சி இளைஞர் இதற்கும் தயாராக இருந்தார். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்க அமெரிக்கக் கல்வித் துறை வைத்திருக்கும் `DAPIP` தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்திருக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினார். பார்த்தால் பெயர் அதேதான். நானே போய்த் தேடினேன். பெயரில் ஒரு சொல் வித்தியாசம். தரவுத்தளத்தில் இருந்தது வேறு மாநிலத்தில் இருக்கும், பல ஆண்டுகளாக இயங்கும் நிஜப் பல்கலைக்கழகம். அவர் அனுப்பிய படத்தில் முகவரி வரும் வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. ஆஃபர் லெட்டரில் இருந்த பெயரை எழுத்து மாறாமல் தேடினால் எதுவும் வரவில்லை.

கையேட்டில் ஒரு கியூஆர் குறியீடு இருந்தது, 'எங்கள் அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்' என்று. ஸ்கேன் செய்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு வாரியத்தின் தளம் திறந்தது; பச்சை நிறத்தில் 'செல்லும்' என்றது. வாரியத்தின் பெயரைக் கல்வித் துறைப் பட்டியலிலும் சீயா பட்டியலிலும் தேடினேன், இல்லை. கம்பெனீஸ் ஹவுஸில் இருந்தது. லண்டனில் பதிவான கம்பெனி, அதன் இயக்குநரும் கல்லூரியின் இயக்குநரும் ஒரே ஆள், பிறந்த மாதமும் வருடமும்கூட ஒன்று. மகள்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள். "பெரியப்பா, பரீட்சை எழுதினவரே பேப்பரும் திருத்தியிருக்காருங்க" என்றாள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த பெண் அல்லவா.

## வியாழன் மதியம்: அப்போஸ்டில்

கன்சல்டன்சியின் கடைசிச் சீட்டு, மாதிரிப் பட்டச் சான்றிதழ் ஒன்று. அமெரிக்க மாநில அரசின் முத்திரையோடு அப்போஸ்டில் ஒட்டியிருந்தது. "கவர்மென்ட் சீல் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

இதில் நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாட்டில் ஏற்க வைப்பதற்காக 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் வந்த ஏற்பாடு அப்போஸ்டில். அது சான்று சொல்வது ஆவணத்தில் உள்ள கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மட்டும்தான். தனியார் காகிதம் ஒன்றை நோட்டரியிடம் கொண்டுபோனால், இன்னார் என் முன்னே கையெழுத்திட்டார் என்று நோட்டரி எழுதுவார். அந்த நோட்டரி உண்மையான நோட்டரிதான் என்று மாநில அரசு அப்போஸ்டில் ஒட்டும். காகிதத்தில் எழுதியிருப்பது பட்டமா பஞ்சாங்கமா என்று யாரும் பார்ப்பதில்லை. முத்திரை நிஜம், பட்டம் பொய் என்பது முழுக்கச் சாத்தியம். நான் வேலையில் இருந்தபோது அந்த ஒட்டுச் சீட்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் நிறுவனத்துக்குத்தான் கடிதம் எழுதுவோம்.

## வியாழன் மாலை: விசா பற்றிய கேள்வி

மகளை விட்டுக் கல்லூரிக்கே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். பட்டம் வழங்கும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் என்ன, அதை அங்கீகரித்த அமைப்பு எது, மாணவர் விசாவுக்குத் தேவையான, சி.ஏ.எஸ். எனப்படும் சேர்க்கை உறுதி எண்ணைத் தருவது யார், பணம் ஏன் வேறு கம்பெனிக்குப் போகிறது. இவ்வளவுதான் கேட்டது. மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. எழுத்தில் எதுவும் தர மறுத்துவிட்டார்கள். விசா விஷயத்தில் மட்டும், "முதலில் விசிட்டர் விசாவில் வாருங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள்.

பிரிட்டனில் மாணவர் விசா வேண்டுமென்றால், உள்துறையின் உரிமம் பெற்ற நிறுவனம் சி.ஏ.எஸ். தர வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் gov.uk தளத்தில் வெளிப்படையாக இருக்கிறது. இந்தக் கல்லூரி அதில் இல்லை. விசிட்டர் விசாவில் அதிகபட்சம் ஆறு மாதம், அதுவும் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் படிக்க முடியும். பத்து மாதப் படிப்பு அதில் அடங்காது. விசிட்டராகப் போனவர் அங்கே இருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாறவும் முடியாது.

இதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. விசாவுக்கு உரிமம் இருந்தாலே படிப்பு சரியென்று ஆகிவிடாது. கலிஃபோர்னியாவில் டிரை-வேலி என்ற பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அனுமதி இருந்தது. முறையான அங்கீகாரம் இல்லை. 2011 ஜனவரியில் அதிகாரிகள் புகுந்தபோது அங்கே பதிவாகியிருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சிலருடைய காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டினார்கள். நடத்தியவருக்கு 2014இல் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. மாணவர்களின் வருடங்கள் போனது போனதுதான்.

## முடிவும் காரணமும்

வியாழன் இரவு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே 35,000 போய்விட்டது, சொந்தக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது, கல்லூரிக்குக் கட்டடம் இருக்கிறது, வீடியோவில் வகுப்பறைகூடக் காட்டினார்களே என்றார். கட்டடம் நிஜமாக இருக்கலாம், வகுப்பும் நடக்கலாம். கடைசியில் கையில் வரும் காகிதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

அதை உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் இணைச் சான்று தரும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்தது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யூ. 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கென்றே தனி விதிமுறைகளை அறிவித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: நிறுவனம் அதன் சொந்த நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த எம்.பி.ஏ. லண்டனிலும் செல்லாது, அமெரிக்காவிலும் செல்லாது, ஆகவே இங்கேயும் செல்லாது. நாளைக்கு அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனால் அது வெறும் காகிதம்.

முன்பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தது மகள்தான். தந்தை அரை மனதாகத் தலையாட்டினார்.

## பிறகு நடந்தது

வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது. சனிக்கிழமை கன்சல்டன்சியே கூப்பிட்டு, அதே சலுகையை அடுத்த புதன் வரை நீட்டியிருப்பதாகச் சொன்னது. இரண்டாவது முறை முன்பணம் 2,000 பவுண்டாகக் குறைந்தது. அந்தக் கெடுவின் மதிப்பு தந்தைக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

கட்டிய 35,000இல் 15,000 திரும்பக் கிடைத்தது, அதுவும் இரண்டு தடவை நேரில் போய் உட்கார்ந்த பிறகு. ரசீதில் 'தொழில் வழிகாட்டல் சேவை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கல்லூரியின் பெயரே அதில் இல்லை. அதனால் மீதியைக் கேட்க எங்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போனது.

அதே கன்சல்டன்சியில் பதிவு செய்திருந்த இன்னொரு பையனை மகளுக்குத் தெரியும். அவனிடமும் இதையெல்லாம் சொன்னாள். அவன் வீட்டில் முதல் கெடுவிலேயே பணத்தை அனுப்பியிருந்தார்கள். விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டது. பணத்தைக் கேட்டால், கல்லூரி தன் பங்கைச் செய்துவிட்டது, விசா மறுப்புக்கு அது பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

மகள் ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டு ஜனவரி சேர்க்கைக்கு விண்ணப்பித்தாள். இந்த முறை இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், வகுப்பு மட்டும் லண்டன் வளாகத்தில். அதையும் அதே வழியில் பார்த்தோம். பட்டம் வழங்கும் அதிகாரம் உள்ளவர்களின் பட்டியலில் பல்கலைக்கழகம் இருந்தது, உள்துறையின் உரிமப் பட்டியலிலும் இருந்தது. லண்டன் வளாகத்தை ஒரு தனியார் கூட்டாளி நடத்துகிறார் என்பதால், அது தங்களுடையதுதானா என்று பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கே எழுதிக் கேட்டாள். மூன்றாம் நாள் எழுத்தில் பதில் வந்தது. கட்டணம் அங்கே அதிகம். ஒரு வருடத்துக்குக் கல்விக் கடன் வாங்க வேண்டியிருந்தது. முன்பணம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம் வழியாக, அதன் பெயரில் போனது. இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

## அடுத்த முறை மாற்றிச் செய்வது

முதல் மாற்றம் எனக்கே. செவ்வாய்க்கிழமை நான் அவர்கள் கொடுத்த எண்ணில் இருந்து தேடலைத் தொடங்கினேன். அவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகப் போனால் அவர்கள் காட்ட நினைப்பதைத்தான் பார்க்க முடியும். இப்போது யாராவது கேட்டால் கையேட்டை மூடி வைத்துவிடுகிறேன். பட்டம் வழங்குபவரின் முழுப் பெயரை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, அந்த நாட்டு அரசின் பட்டியலை நானே திறந்து, எழுத்து மாறாமல் தேடுகிறேன். பெயர் வந்தால் முகவரியையும் ஒத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அரை மணி நேர வேலை.

இரண்டாவது, பாதி வேலை முடிந்த நிலையில் 'சரியாத்தான் தெரியுது' என்று போனில் சொன்னது. கேட்பவருக்கு அது 'கட்டிவிடுங்கள்' என்றுதான் காதில் விழும். எல்லாம் பார்த்து முடிக்கும் வரை "இன்னும் பாத்துட்டு இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும்போதே, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, பட்டம் யாருடையது என்று ரசீதில் எழுதி வாங்கச் சொல்கிறேன். எழுதித் தர மாட்டேன் என்றால் முதல் நாளே எழுந்து வந்துவிடலாம். அந்த வங்கி அதிகாரியைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று தந்தை போனபோது அவர் ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.